எட்டாம் வகுப்புக்குத் திரும்பிப் போனோம்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு கணினி போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. படிவத்தில் முந்தைய பக்கத்துக்குப் போவது எனக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை அப்படிப் போய், ஒரு மணி நேரம் தட்டியதெல்லாம் காணாமல் போனது. விண்ணப்பிக்க வந்தவர் என்னைத் திட்டாமல், மறுபடி முதலிலிருந்து விவரம் சொல்ல ஆரம்பித்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வருடம் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். பனியன் கம்பெனியில் தைத்து வரும் பீஸ்களில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண், மதிய இடைவேளையில் மகளோடு வந்தார். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். படிவத்தில் ஐந்து படிகள், ஒவ்வொன்றின் கீழும் 'சேமித்துத் தொடர்க'. நான்கை முடித்து, சரிபார்க்கும் ஐந்தாவது பக்கத்தைத் திறந்தேன். சமர்ப்பித்த பிறகு ஒன்றையும் மாற்ற முடியாது.

"பொறுங்கக்கா" என்று அவர் திரையில் விரல் வைத்து, துணியில் ஓட்டை தேடுவதுபோல் வரிவரியாக வந்தார். பள்ளி விவரத்தில் விரல் நின்றது.

"எட்டாப்பு இவ எங்க ஊர்லல்லா படிச்சா. ஒம்பதுக்குத்தான் இங்க வந்தோம்."

நானாகவே எல்லா வகுப்புக்கும் மாவட்டம் திருப்பூர் என்று போட்டிருந்தேன். தப்பு என்னுடையது, கோபம் மட்டும் அவர்மேல்.

"ஏனுங்க, மொதல்லயே சொல்றதில்லீங்களா? பின்னால போனா எல்லாம் அழிஞ்சிருமுங்க."

"தையல் கோணினா அந்த இடத்தத்தான் பிரிச்சு ஆல்டர் பண்ணுவோம். முழு பனியனையுமா கிழிப்போம்?" என்றார். அதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. அவர் கம்பெனிக்கு ஓடினார். பள்ளியின் பெயரைச் சரியாகப் பார்க்க, மகள் மாற்றுச் சான்றிதழை எடுக்க வீட்டுக்குப் போனாள். நான் படிவத்திலிருந்து வெளியேறி, கணினியை அடுத்தவருக்குக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டதும் விட்ட இடமே திறந்தது. 'முந்தைய படி'யை மூன்று தடவை அமுக்கினேன். நாலாவதில் அவள் புகைப்படம் இருந்தது. மூன்றாவதில் மதிப்பெண்கள் அப்படியே இருந்தன. இரண்டாவதில் எட்டாம் வகுப்புக்கு மாவட்டத்தை மாற்றினேன். அந்த வரியில் பள்ளியின் பெயர் மட்டும் காலியானது. புது மாவட்டத்துப் பட்டியலிலிருந்து அவள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி சேமித்துச் சேமித்து ஐந்தாவதுக்கு வந்தோம். வேறொன்றும் கலையவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இருவரும் இரண்டு முறை படித்துப் பார்த்துச் சமர்ப்பித்தோம்.

கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. அதனால் தாய்க்கு ஒன்றும் தெரியாது. ஆறரைக்கு மேல் வந்தவர், என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்காமல் அச்செடுத்த தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து விரலை ஓட்டினார். கடைசி வரியைத் தாண்டியதும் தாளை மகளிடம் நீட்டினார்.

"பீஸ் பாஸு" என்றார், குறையில்லாத பனியனைத் தள்ளி வைப்பதுபோல். பிறகுதான் உட்கார்ந்தார்.