பத்துக் கேள்விக்கும் உம்மாவின் பதில்

ஸுஹைனா தாதியர் பட்டப்படிப்பின் கடைசி வருடத்துக்கு எடுத்த தலைப்பு: கூட்டுக்குடும்பத்தில் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வும் குடும்ப ஆதரவும். யுத்தம் முடிந்த வருடம் அது. நூலகக் கணினியில் தேடி முப்பத்தொரு கட்டுரைகள் சேர்த்தாள். அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரே ஆய்வுரையாகத் தொகுக்க வேண்டும். அங்கேதான் கைவரிசையைக் காட்டினாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தால் தாய் தேறிவிடுவாள் என்றவற்றை வைத்துக்கொண்டு, மாமியார் நெருக்குதலைப் பேசிய ஏழு கட்டுரைகளையும் ஒதுக்கினாள். தன் ஊர் காத்தான்குடியில் பெண் கல்யாணத்துக்குப் பின்னும் தன் உம்மா வீட்டிலேயே இருக்கிறாள், இதில் மாமியார் எங்கே வந்தாள் என்பது அவளுடைய நியாயம்.

மேற்பார்வையாளர் பிரஷாந்தி மிஸ் விடவில்லை.

"ஏன் ஒதுக்கினீங்க எண்டு எழுதணும். மாமியெண்டா வெளியில போய்க் குறை சொல்லலாம். பெத்த தாயப் பத்தி ஆரிட்டச் சொல்லுற?"

அது சுட்டது. வீட்டில் மூத்தவள், ராத்தா றபீக்கா, பிள்ளை பெற்று இருபத்தெட்டு நாள். அவளுடைய மூத்த மகனைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. "போனதுக்குப் பதிலா அல்லாஹ் தந்திட்டான், இன்னும் என்ன கவல?" என்று வீடே சொல்லிக்கொண்டிருந்தது. ராத்தா பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து மேசையில் இருந்து எழுதிய ஸுஹைனாவுக்கு அது தெரியாமலில்லை.

அன்று மனச்சோர்வை அளக்கும் பத்துக் கேள்வித் தாளை ராத்தாவிடம் நீட்டினாள். தாய் தனியாக இருந்து நிரப்ப வேண்டியது. ஆனால் நாற்பது நாள் முடியும்வரை பெற்றவளைத் தனியே விடமாட்டார்கள். பக்கத்தில் இருந்த உம்மாவை எழுந்து போகச் சொல்ல ஸுஹைனாவுக்கு வாய் வரவில்லை.

"சிரிப்பு வருது எண்டு போடு. நித்திர நல்லம் எண்டு போடு. சாகிற நினைப்பா? சேச்சே, இல்ல எண்டு போடு."

உம்மா சொல்லச் சொல்ல ராத்தா அப்படியே போட்டாள். மொத்தம் மூன்று புள்ளி, சோர்வே இல்லை என்ற கணக்கு.

உம்மா அஸர் தொழ எழுந்ததும் ராத்தா இன்னொரு தாள் கேட்டாள். இம்முறை பத்தொன்பது. சாகிற நினைப்பைக் கேட்கும் பத்தாவது கேள்விக்கு, அடிக்கடி.

தொழுது முடித்த உம்மாவிடம் ஸுஹைனா ஓடினாள். "உம்மா, ராத்தாவ நாளைக்கே மனநல டாக்குத்தர்ட்டக் கூட்டிட்டுப் போகணும்."

"வெள்ளிக்கிழம சாலிஹ்ட ஆக்கள் உன்னப் பொண் பாக்க வாறாங்க. ராத்தாவுக்குப் பைத்தியம் எண்டு தெரிஞ்சா வருவாங்களா? உன்ட கல்யாணக் காவின் முடியட்டும். நாங்க பாத்துக்கொள்ளுறம்."

ஸுஹைனா பேசாமல் நின்றாள். சாலிஹை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பேசாமையை எந்தக் கட்டுரையிலும் அவள் வாசித்ததில்லை.

ஒதுக்கிய ஏழு கட்டுரைகளையும் திரும்பச் சேர்த்தாள். பெற்ற தாய் வீட்டில் ஆதரவே வாயடைப்பாகவும் மாறலாம், அதை ஆராய்ந்தவர்கள் குறைவு என்று ஒரு பந்தி எழுதினாள். பிரஷாந்தி மிஸ் அதற்குப் பக்கத்தில், "மிக நன்று" என்று குறித்தார்.

காவின் முடிந்தது. விருந்துக்கு வந்தவர்களுக்கு நடுவே, மடியில் பிள்ளையோடு ராத்தா அவளைக் கூப்பிட்டாள்.

"அந்த ரெண்டாவது தாள் எங்க?"

"பத்திரமா வச்சிரிக்கன் ராத்தா."

"ஆரிட்டயும் காட்டினியா?"

"இல்ல," என்றாள் ஸுஹைனா.