வலது முழங்கால் வரைக்கும்

துறைமுகத்தில் பெட்டி தூக்கும் கிரேனை ஓட்டுகிறவன் நான். ஆறு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான். அதன் வழியே குனிந்து பார்த்தபடி, கீழே வரிசையில் வரும் டிரெய்லர்களின் மேல் இரும்புப் பெட்டிகளை இறக்க வேண்டும். பதினோரு வருடமாகச் செய்யும் வேலை. கையில் கறை படியாத வேலை என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம் ஒரு விடியற்காலையில் அடங்கியது. நைட் ஷிஃப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு நொடி நான் அங்கே இல்லை, அவ்வளவுதான். பெட்டி ஒரு மூலை சாய்ந்து டிரெய்லரின் மேல் இடித்தது. வண்டி குலுங்கியது. டிரைவர் இறங்கி வந்து மேலே பார்த்தார். நானும் இறங்கிப் போய், கெட்ட வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"இன்னா மாமு, தூங்கிட்டியா? எனக்குக் கொயந்த குட்டி கீது," என்றார். திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நானே போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அதே நைட் ஷிஃப்டில் தரையில் நின்று பெட்டி நம்பர் சரிபார்க்கச் சொன்னார். அதற்குள் தூக்கம் சரியாகி டாக்டர் சீட்டுடன் வந்தால் கிரேன், இல்லையென்றால் தரைதான் என்றார். நியாயம்தான். நான் ஒழுங்காகத் தூங்கி ஒரு வருடமாகியிருந்தது. ஷிஃப்ட் முடிந்து திருவொற்றியூருக்கு வீடு வந்து சேர்ந்தால் வெளியே டிரெய்லர் ஹாரன், தண்டவாளத்தில் ரயில், எதிர்வீட்டு மிக்சி. உடம்பு கெஞ்சும், மனசு மட்டும் கூண்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் யோகா டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண். குறட்டை உண்டா, ஷிஃப்ட் முடிவில் எத்தனை டீ குடிப்பீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, யோக நித்திரை சொல்லித் தந்தார். மல்லாந்து படுக்க வேண்டும். கால்கள் கொஞ்சம் அகன்று, கைகள் உடம்பை ஒட்டாமல், உள்ளங்கை மேலே பார்த்தபடி. எனக்கு இடுப்பு வலி இருந்ததால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. அசையாமல் கிடந்தால் உடம்பு குளிரும் என்பதால் மேலே ஒரு போர்வை. மூச்சை மெதுவாக நீட்டி விட்டு, பிறகு ஒருவர் உறுப்புகளின் பெயரைச் சொல்லச் சொல்ல, மனசை அந்தந்த இடத்தில் ஒரு கணம் வைத்துவிட்டு நகர வேண்டும். வலது கட்டைவிரலில் தொடங்கி வலப்பக்கம் முழுக்க, பிறகு இடப்பக்கம், முதுகு, முகம். கடைசியில் மூச்சை இருபத்தேழிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தார்.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். போனில் யாரோ பதிவு செய்த குரலைப் போட்டால் நடுவில் விளம்பரம் வந்தது. எரிச்சலில் அதை விட்டுவிட்டு, தாளை ஒருதரம் படித்துவிட்டு, நினைவில் நின்ற வரைக்கும் நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் ஆகியும் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. நான்காவது விரலுக்கு வருவதற்குள் சுறுசுறுப்பாகிவிடுவேன். கோபத்தோடு டாக்டரிடம் போனேன். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. கிரேனில் ஏறுவதற்கு முன்னால் தினமும் ஒரு சோதனை உண்டு: டயர், கம்பி வடம், பிரேக், விளக்கு, ஹாரன். ஒவ்வொன்றையும் பார்த்து ஓகே போட்டுக் கையெழுத்திட்டால்தான் ஏறலாம். நான் உடம்பையும் அப்படியே பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் ஓகே. மணிக்கட்டு ஓகே. தோள்பட்டையில் வலி, அதனால் அசைத்துப் பார், நாற்காலியை ஏற்றி வைக்க வேண்டுமோ, ஸ்கேன் எடுக்க வேண்டுமோ.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்ககிட்ட யாருங்க ரிப்போர்ட் கேட்டா? வலிச்சா வலிக்கட்டும். எதையும் சரி பண்ண வேணாம். தொட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. வகுப்புல தூங்காம கேளுங்கன்னு சொல்லுவோம். உங்களுக்கு அது தேவையில்ல, வர்ற எடத்துல தூங்கிடுங்க. ஆனா தூக்கம் வருதான்னு பாத்துக்கிட்டே இருக்காதீங்க. முடிஞ்சா வீட்ல யாரையாவது படிக்கச் சொல்லுங்க."

வீட்டில் யார் இருக்கிறார்கள், என் மனைவிதான். விடியுமுன் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டுப் பத்து மணிக்கு வருகிறவள். நாலு கடை தாண்டிக் கேட்கும் குரல் அவளுக்கு. இந்தக் குரலில் தூக்கமா என்று கேலி செய்தேன்.

"மூடிகினு படுய்யா," என்று தாளை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். "வலது கை கட்ட வெரலு... ஆள்காட்டி வெரலு... நடு வெரலு..."

அந்தக் குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. தோள்பட்டைக்கு வந்ததும் வழக்கம்போல அசைத்துப் பார்த்தேன்.

"அது கெடக்குது வுடு," என்றாள். "அக்குளு... வெலா..."

விட்டேன். அப்போது நடந்ததை எப்படிச் சொல்வது? பதினோரு வருடம் கிரேன் பிடியைப் பிடித்த கட்டைவிரல், அதற்குள் ஒரு துடிப்பு இருந்தது. இத்தனை காலம் அது அங்கேயே துடித்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் கேட்டதே இல்லை. உள்ளங்கை எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஹாரன் கேட்டது, ஆனால் அது யாருக்கோ அடித்த ஹாரன். நான் குடியிருந்த வீட்டில் திறக்காத அறைகள் இத்தனை இருந்தனவா என்று மலைத்துப்போனேன். "தொட... முட்டி..." என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது சாயங்காலம் மணி நாலு.

அதன் பிறகு பெரும்பாலான நாட்களில் அப்படித்தான். வலது முழங்காலைத் தாண்டியதில்லை. மாதம் முடிந்ததும் டாக்டர் சீட்டுடன் கூண்டுக்குத் திரும்பினேன். முதல் நாளே கீழே வந்து நின்றது அதே டிரைவர். பெட்டியைப் பூப்போல இறக்கினேன். அவர் ஹாரனைச் சின்னதாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் எனக்குப் பல்வலி. படுத்தும் தூக்கம் வரவில்லை. அவள் படிப்பது வீணாக வேண்டாம் என்று தூங்குகிற மாதிரிக் கிடந்தேன். முட்டி வந்தது. இதோடு நிறுத்திவிட்டு எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல். பிறகு இடது கை கட்டைவிரல். இடப்பக்கம் முழுக்க, முதுகு, நெற்றி, புருவம். பிறகு இருபத்தேழு, இருபத்தாறு என்று ஒன்று வரைக்கும். தாள் அவள் கையில் இல்லை, எல்லாம் மனப்பாடம். காலையில் மூன்று மணிக்கு எழுந்தவள். மார்க்கெட் ஈரம்கூட இன்னும் அவள் காலில் காயவில்லை.

கண்ணைத் திறந்தேன். "நான் தூங்கனப்புறமும் டெய்லி இம்மாம் தூரம் சொல்லிகினா இருந்த?"

"பின்ன? பாதில வுட்டா பாதி ஒடம்பு முயிச்சிகினு இருக்குமேன்னுதான்."

எழுந்து பாயை அவளுக்கு விட்டேன். வெட்கப்பட்டாள், அப்புறம் படுத்தாள். முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்துவிட்டுத் தொடங்கினேன். வலது முட்டி வரைக்கும் தடங்கலில்லாமல் வந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தாளைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் படித்தேன்.