வெல்லம் போட்ட உருளை

எழுத்துக் கோக்கப் பழகலாம் என்றுதான் செங்கல்பட்டில் ஒரு அச்சாபீஸில் சேர்ந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் திருப்போரூர் அச்சாபீஸ்காரர், "அனுபவம் இல்லாதவன் எனக்கு எதுக்குப்பா?" என்று என்னை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

இங்கே முதலாளி பாய் என் கையில் கரண்டியைக் கொடுத்தார். எழுத்துமேல் மை தடவும் உருளையை, தச்சர்கள் பலகை ஒட்டும் வஜ்ஜிரத்தோடு வெல்லப்பாகைக் காய்ச்சித்தான் வார்க்க வேண்டுமாம்.

"நான் இன்னா சமையக்காரனா, பாய்?"

"மொதல்ல காய்ச்சு."

ஊறின வஜ்ஜிரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினேன். பாகைக் கலந்து, எண்ணெய் தடவிய குழாயின் நடுவே இரும்புத் தண்டை நிறுத்தி, குமிழி விழாமல் ஊற்றினேன். மறுநாள் உருவினால் ரப்பர் மாதிரி உருளை வந்தது.

ஐப்பசி மழையில் அத்தனை உருளையும் ஈரம் குடித்து வழவழத்துப் போயின. மை ஒட்டவில்லை, கல்யாணப் பத்திரிகை ஒன்று பாதியில் நின்றது. எல்லாரும் உருளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பானையில் கசிவது வெல்லம்தானே? வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, வஜ்ஜிரத்தைக் கூட்டி வார்த்தேன். பத்திரிகை கறுகறுவென்று விழுந்தது.

சேதி மாமல்லபுரம்வரை போனது. ஒருநாள் திருப்போரூர்க்காரரே உருளை உரிந்துபோன இரண்டு மொட்டை இரும்புத் தண்டுகளோடு வந்து நின்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"உருளை யாருப்பா வார்க்கிறது?"

கரண்டியை நிறுத்தாமலே சொன்னேன்: "வச்சுட்டுப் போங்க. அனுபவம் இருக்கறவன்தான் வார்க்கிறான்."