சல்லடையில் தங்கிய கூடுகள்

நான் கண்ணால் பார்த்தவற்றையும், பின்னர் மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். உறுதியில்லாத ஒன்றை உறுதியாகச் சொன்னதால் ஒருவர் வேலையிழந்தார். அதே பிழையை எழுத்திலும் செய்ய மனம் ஒப்பவில்லை.

நெய்வேலி நகரியத்தில் ஒரு சிறிய தனியார் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஆழ்துளை போடும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைக் கழுவிச் சலித்து, அவற்றிலுள்ள ஃபோராமினிஃபெரா என்னும் நுண்கடலுயிர்களின் கூடுகளை நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். பெரும்பாலானவை மணல்பருக்கையளவே இருக்கும். ஒவ்வொரு காலத்திலும் சில இனங்கள் தோன்றி மறைந்ததால், எந்த இனம் கிடைக்கிறது என்பதைக் கொண்டு, துளை எந்தக் காலத்து அடுக்கில் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

குள்ளஞ்சாவடிப் பக்கம் ஓர் ஆழ்துளையில் நீர்வளம் அறியும் பணி நடந்தது. அங்கு துகள்களை அள்ளி, ஆழம் எழுதிய பைகளில் கட்டுபவர் அவ்வூரைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. அடுத்த துளையில் அவரை மேற்பார்வைக்கு எடுப்பதாக ஒப்பந்ததாரர் வாக்களித்திருந்தார்.

ஈயோசீன் என்னும் இளைய காலத்து அடுக்குக்குரிய ஆழத்தின் பை ஒன்றில், சொரசொரப்பான ஈயோசீன் கூடுகளின் நடுவே, விளிம்பில் இரட்டை வரம்பு கொண்ட சில கூடுகளைக் கண்டேன். அவை அதற்கு முன்பே, அடியிலுள்ள கிரெட்டேசியஸ் அடுக்கின் கால இறுதியில் முற்றிலும் அழிந்துபோன இனம். துளையின் மேற்சுவர் இடிந்து இளைய கூடுகள் ஆழத்துப் பையில் கலப்பது வழக்கம். ஆனால் கீழுள்ள பழைய கூடுகள் அவ்வாறு மேலேறி வாரா. பழைய பாறை அரிக்கப்பட்டு இளைய அடுக்கில் படிந்திருக்கலாம் என்றால், அப்படி உருண்டு வந்தவற்றில் தேய்வு தெரியும். இவை தேயாமல் முழுமையாக இருந்தன.

எனவே எனக்கு ஒரே விடைதான் தோன்றியது. அவர் உரிய நேரத்தில் அள்ளாமல் இருந்துவிட்டு, துளை கிரெட்டேசியஸை எட்டியபின் வெளிவந்த குவியலிலிருந்து கொஞ்சம் அள்ளிப் பழைய பையை நிரப்பியிருக்கிறார். துளையிடும் இடங்களில் இது நடக்காததன்று. ஒப்பந்ததாரருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“தூங்கியிருப்பான் சார். நான் பாத்துக்கறேன்,” என்றார். மறுநாளே அந்தத் தொழிலாளி இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதிரியைச் சலித்து முடித்ததும் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் தோய்த்துவிடுவோம். கண்ணிகளில் கூடு எதுவும் சிக்கியிருந்தால் அது நீலமேறிவிடும். அடுத்த மாதிரியில் நீலக்கூடு வந்தால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டோம்.

சில வாரங்களுக்குப் பின் நுண்ணோக்கியின் மஞ்சள் விளக்கு அணைந்துபோயிற்று. வெள்ளை விளக்கு பொருத்தியதும், சோதனைக்காக அந்தப் பையின் கூடுகளை இட்டுவைத்திருந்த தட்டையே எடுத்து வைத்தேன். வெளிர்சாம்பல் என்று நான் எண்ணியிருந்த இரட்டை வரம்புக் கூடுகள் அனைத்தும் மெல்லிய நீலம். அந்தப் பையைச் சலித்த நாளன்று காலை, அரியலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் பாறைத்துண்டு ஒன்றை அதே சல்லடையில் சலித்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. சாயம் பழையதாகி நீர்த்திருந்தது. மஞ்சள் ஒளியில் அந்த வெளிறிய நீலம் எனக்குத் தெரியவில்லை. சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிழையைத் திருத்தி அறிக்கை அனுப்பிவிட்டு ஒப்பந்ததாரரை நேரில் பார்த்தேன்.

“விடுங்க சார். வேற ஆள் போட்டாச்சு. அவன எதுக்கு மறுபடியும் இழுத்துகிட்டு?”

“அவர்மேல் தவறில்லை.”

“அத அன்னிக்குச் சொல்லியிருக்கணும் சார்.”

முந்திரிக் களம் ஒன்றில் அந்தத் தொழிலாளியைக் கண்டுபிடித்தேன். கொட்டைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“அப்ப நான் தூங்கல.”

“தூங்கியதற்கு ஆதாரம் இல்லை.”

“ஆதாரம் இல்லங்கறீங்க. தூங்கலன்னு வாயில வரமாட்டேங்குது பாருங்க,” என்று சிரித்தார். “அன்னிக்கு வூட்ல என் பொண்டாட்டியே கேட்டா, நெசமாவே தூங்கிட்டியான்னு. பூச்சி ஓட்ட வச்சி ஆளக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு தெருவே சொல்லிகினு கெடந்துச்சுங்க.”

“நீங்கள் தூங்கவில்லை,” என்றேன். என் குரல் எனக்கே தாழ்வாகக் கேட்டது.

“அத எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப்போவுது? வூட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லுங்க.”

சென்றேன். வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. “சரிங்க” என்ற ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டார்.

அன்று அந்தச் சல்லடையைக் கழுவியது நானா, ஆய்வக உதவியாளரா என்பது எங்கள் இருவருக்குமே நினைவில்லை. முடிவைச் சொன்னது நான். அந்தத் தொழிலாளிக்கு மேற்பார்வை வேலை இனிக் கிடைக்குமா என்பது தெரியவில்லை. அவர் மனைவி என் சொல்லை நம்பினாரா என்பதும் தெரியவில்லை.