மாதாவிடம் நான் தப்பாகக் கேட்டது

என் மகள் பேஸ்பால் ஆடுகிறாள். பன்னிரண்டு வயது. நாங்கள் இருக்கும் அமெரிக்க ஊரான ஆலனில், அவள் டீமில் அவள் ஒருத்திதான் பெண். மனைவி நர்ஸ், சனிக்கிழமையும் டியூட்டி. அதனால் மளிகைக் கடையில் எனக்கு வேலையில்லாத அந்த ஒரு நாளில் மேட்சுக்குக் கூட்டிப்போவது நான்தான்.

எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். ஊரில் பத்தாவதோடு படிப்பு முடிந்தது. டீமின் ஸ்கோர் எல்லாம் போனில் ஒரு ஆப்பில் வரும். அதில் மகள் பெயருக்கு நேரே ஈ.ஆர்.ஏ. என்று மூன்று இருந்தது. இன்னொரு பையனுக்கு எட்டு.

"அவன் எட்டு எடுத்திருக்கான், நீ வெறும் மூணா?" என்றேன்.

காரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா! அது பிட்சருக்கு. லோவர் இஸ் பெட்டர்! பந்து போடுறவங்க ஒரு ஃபுல் கேமுக்கு எத்தனை ரன் குடுப்பாங்கன்னு கணக்கு. ஃபீல்டர் கோட்டை விட்டு வந்த ரன் சேராது. நான் பன்னெண்டு இன்னிங்ஸ்ல ஆறு ரன் குடுத்தேன். எங்க கேம் ஆறு இன்னிங்ஸ். ஸோ, மூணு. புரோஸ்னா ஒன்பது இன்னிங்ஸுக்குப் போடுவாங்க."

அந்தச் சிரிப்போடு நான் வாயை மூடியிருக்கலாம். ரோஷம் வந்துவிட்டது. பேட்டிங் ஆவரேஜைப் பார்த்தேன். புள்ளி இருநூறு. நூற்றுக்கு இருபது! எங்கள் ஊரில் அது ஃபெயில்.

"இது மட்டும் என்னவாம்? சும்மா நின்னு பந்தை வேடிக்கை பார்க்கிறே. அடி! வந்ததை எல்லாம் அடி!"

"பட் அப்பா, வாக்…"

"வாக்கும் வேணாம், ஓட்டமும் வேணாம். அடி!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களையும் அவளுக்காகவே சொன்னேன். 'மாதாவே, என் பிள்ளை அடிக்கணும்.' அதுதான் என் வேண்டுதல்.

அடுத்த சனி சீசனின் கடைசி மேட்ச். ஜெயித்தால் பிளே ஆஃப். கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் எங்கள் பிள்ளைகள் நிற்க, மகள் பேட்டோடு வந்தாள். எட்டாத பந்துகளாக மூன்று வந்தன, மூன்றையும் விட்டாள். நடுவே நல்ல பந்து ஒன்றையும் விட்டாள், அது ஸ்ட்ரைக்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "அடி பாப்பா! நிக்காதே, அடி!"

என் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அடுத்த பந்து தலைக்கு மேலே வந்தது. பேட்டை வீசினாள், படவில்லை. அதற்கடுத்தது அவளை விட்டு எங்கோ விலகிப் போனது. அதற்கும் வீசினாள். மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட். மேட்ச் முடிந்தது.

ஸ்கோர் எழுதும் அக்கா சென்னைக்காரர், டீமில் இருக்கும் ஒரு பையனின் அம்மா. மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. எட்டாத பந்தை அடிக்காம விட்டா அதை 'பால்'னு எண்ணுவாங்க. அவ சும்மா நின்னிருந்தாலே நாலாவது பால் ஆகியிருக்கும். நாலு ஆனா அதான் வாக். ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்தே போகலாம். மூணு பேஸும் ஃபுல், அதனால மூணாவதுல நின்னவன் உள்ளே வந்து ஸ்கோர் சமம் ஆகியிருக்கும்."

"ஆவரேஜ் இருநூறுதானே அக்கா, அதான்…"

"அய்யோ, அதுல வாக் சேராதுண்ணா! இன்னைக்கு முன்னாடி வரை முப்பது தடவை பேட் பிடிச்சா. பத்து தடவை வாக். மீதி இருபதுல நாலு ஹிட். இருபதுக்கு நாலு, அதான் இருநூறு. ஆனா பேஸுக்குப் போனது பதினாலு தடவை. முப்பதுக்கு பதினாலு. அதுக்குப் பேர் ஆன் பேஸ் பர்சன்டேஜ். நானூத்தி அறுபத்தேழு. டீம்லயே இவதான் ஃபர்ஸ்ட், எந்த பையனும் கிட்ட கூட வரல. ஹிட்ல பெரிய பெரிய ஆட்டக்காரங்களே பத்துக்கு மூணு அடிச்சா கொண்டாடுவாங்கண்ணா."

அந்த எண்ணும் அதே ஆப்பில், ஆவரேஜுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

காரில் அவள் அழவில்லை. "நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்காமலே ஃப்ரீவே முழுக்க ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். அன்றே கேட்டிருக்க வேண்டும்.

புது சீசனில் மறுபடி சேர்ந்தாள். முதல் மேட்சுக்கு வண்டியை நிறுத்தியதும், "அப்பா, நீங்க உள்ளே வராதீங்க, ப்ளீஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

இப்போது சனிக்கிழமைகளில் பார்க்கிங் லாட்டில், காருக்குள் ஆப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஜெபமாலை. அவள் அடிக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. போன வாரம் அவள் பெயருக்கு நேரே 'வாக்' என்று வந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். கண்ணாடியை இறக்கி நானும் தட்டினேன். அவளுக்குக் கேட்டிருக்காது.