"நோட்டட்" என்றால் என்ன

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆடிட் ஃபைல் என் பொறுப்பு. மேனேஜர் கூப்பிட்டு, "பசை மாத்தினோம்ல, அந்த மெயிலெல்லாம் படிச்சு, இன்னா முடிவு, ஏன் எடுத்தோம்னு ஒரு பக்கம் எழுதிடும்மா. ஆடிட்டர் வர்றாரு" என்றார்.

ஒரு பக்கமாம்! மெயிலின் தலைப்பே "ரீ: ரீ: பக்ரீத் லீவு". எவரோ சோம்பேறித்தனமாகப் பழைய மெயிலிலேயே பசையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடியிலிருந்து படித்துக்கொண்டு மேலே வந்தேன். பழைய பசை நாற்றத்தில் பெண்களுக்குத் தலைவலி என்று சூப்பர்வைசர். புதிய தண்ணீர்ப் பசை காய நேரமாகும் என்று புரொடக்‌ஷன். சோல் பிரியவில்லை என்று லேப். நடுவே நாலு பிறந்தநாள் வாழ்த்து. காரணம் கிடைத்தது, ஆட்சேபமும் கிடைத்தது. சம்மதம் சொன்னவர் மட்டும் அகப்படவில்லை.

பர்சேஸ் பார்க்கும் பாய், "புதுப் பசை வாங்கட்டுமா சார்?" என்று கேட்டிருந்தார். மேனேஜரின் பதில், "நோட்டட்." குறித்துக்கொண்டாராம். பாய் வாங்கிவிட்டார். பசை காயாமல் ஷிப்மெண்ட் தள்ளிப்போனதும், அனுமதியில்லாமல் வாங்கியதாக அவருக்கே மேனேஜரின் மெமோ. அதே பசை தொழிலாளருக்கு நல்லது என்று சான்று கொடுக்கத்தான் இப்போது ஆடிட்டர் வருகிறார்!

"ஒரே பேஜாருமா. முடிவு என்னுதுன்னு எழுதிட்டா வேலை போய்டும்" என்றார் பாய். பாவமாக இருந்தது.

மேனேஜரிடம் போனேன். "சார், ஒப்புதல்னு யார் பேரைப் போடறது?"

"எல்லாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்தோம்னு போடு. போன மாசத் தேதி போட்டுடு."

எனக்குக் கோபம் வந்தது. "நடக்காத கூட்டத்தை எழுத மாட்டேன் சார். முடிவுக்கு மெயில் தேதி, நான் எழுதினதுக்கு இன்னைக்குத் தேதி."

அப்படியே எழுதினேன். ஒப்புதல் என்ற இடத்தில், மேனேஜரின் பதில் "நோட்டட்" என்று மட்டும் போட்டு, தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று எல்லோருக்கும் அனுப்பினேன். மேனேஜர் பதில் போட்டார்: "நோட்டட்."

ஆடிட்டர் வந்தார். அந்த வரியில் விரலை வைத்து, "நோட்டட்னா என்ன சார் அர்த்தம்? சம்மதமா, இல்ல படிச்சேன்னு மட்டுமா?" என்று கேட்டார்.

வெறுமனே படித்தேன் என்றால், மேனேஜரின் சம்மதமில்லாமல் கம்பெனியில் பசை மாறியிருக்கிறது என்றாகும். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நம்ம கம்பெனில நோட்டட்னா சம்மதம்தான் சார்."

அங்கேயே அதை ஒரு வரியாகச் சேர்த்து, கீழே அவர் கையெழுத்தையும் வாங்கினேன்.

ஆடிட்டர் கிளம்பியதும் பாய் தம்முடைய ஃபோனைக் கொண்டுவந்து காட்டினார். மெமோவை ரத்து செய்யும்படி அவர் எப்போதோ மேனேஜருக்கு மெயில் அனுப்பியிருந்தார். அதற்கு வந்த பதில் ஒரே சொல்: "நோட்டட்."