ஒரு பெட்டி அனுப்பலாமா?

என் மருமகள் எழுதிய மின்னஞ்சல் ஆறு வரி. அதை நான் இரண்டு பக்கமாக்கினேன். அதனால் நேர்ந்த நட்டத்தை வீட்டில் யாரும் இப்போது பேசுவதில்லை. அதனாலேயே நான் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

மகனுக்கு மதுரையில் வேலை. கம்பத்தில் எங்கள் பன்னீர் திராட்சைத் தோட்டத்தை மருமகள்தான் பார்க்கிறாள். அந்த ஜூலையில் பழம் வெட்டும் பக்குவத்துக்கு வந்த நேரம், வழக்கமான கமிஷன் மண்டிக்காரர் பாதிச் சரக்குதான் எடுக்க முடியும் என்று கைவிரித்துவிட்டார். மலைக்கு மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது. சாரல் இறங்கினால் பழுத்த பழம் வெடித்துவிடும். அதற்குள் மீதிப் பாதிக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

எர்ணாகுளத்தில் பழச்சாறு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரை அவள் இணையத்தில் தேடிப் பிடித்தாள். முன்பின் தெரியாதவர். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"ஜூலையில் திராட்சை கிடைப்பதில்லை என்று உங்கள் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். கம்பத்தில் எங்கள் தோட்டத்தில் இப்போது வெட்டு. பன்னீர் திராட்சை, இனிப்பு பதினாறு பிரிக்ஸ். வாரம் ஒரு டன், மூன்று வாரத்துக்குத் தர முடியும். காலையில் வெட்டினால் அன்று மாலையே உங்கள் ஆலையில் இறங்கும். சோதனைக்கு ஒரு பெட்டி வியாழக்கிழமை அனுப்பலாமா?"

"மாமா, எழுத்துப்பிழை மட்டும் பாத்துட்டு அனுப்பிருங்க. ஆளுக வந்துட்டாக, நான் தோட்டத்துக்குப் போறேன்" என்று மடிக்கணினியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன். எங்கள் பக்கம் வியாபாரத்துக்கு வருகிறவர்கூட காப்பி குடித்து முடிக்கும்வரை வந்த விஷயத்தைச் சொல்லமாட்டார். முகம் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம் எடுத்த எடுப்பில் இப்படியா கேட்பது? நலம் விசாரித்தேன். பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்தை விவரித்தேன். என் தாத்தா முதல் கொடி நட்ட கதையைச் சேர்த்தேன். கடைசியில் பெட்டி அனுப்பலாமா, விலை என்ன, முன்பணம் உண்டா, தோட்டத்தைப் பார்க்க எப்போது வருகிறீர்கள், வேறு நிறுவனங்களுக்கும் சொல்ல முடியுமா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். நல்ல கடிதம் எழுதிய திருப்தியில் அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

பதில் வரவில்லை. வியாழக்கிழமையும் போயிற்று. அவள் பந்தலுக்கு அடியில் நின்று கைபேசியை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். "பிரிக்ஸ் கம்மின்னு நெனச்சுட்டாகளோ மாமா?" என்று என்னிடமே கேட்டாள். "பெரிய கம்பெனி, மெதுவாத்தான் வரும்" என்றேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

சாரல் இறங்கிய அன்று காலை, இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த மெயில நான் மாத்திட்டேன் ஆத்தா" என்றேன்.

அவள் திறந்து படித்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள், கடிதம் முடியவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மாமா, இதுல பெட்டி எங்கன இருக்கு?"

"கடைசியில."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னைப் பொண்ணு கேக்க இவுக வந்தப்பவும் இதே கூத்துதான். எங்க அப்பாகிட்ட மழையப் பத்தியே பேசிட்டு, கேக்காமலே எந்திரிச்சுப் போயிட்டாக. மறுநா ஆள் விட்டுல்ல கேட்டாக!"

மருமகள் சிரித்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. சிரித்தபடியே அந்த மின்னஞ்சலுக்குக் கீழேயே எழுதினாள்: "மேலே உள்ள நீண்ட கடிதத்துக்கு மன்னிக்கவும். ஜூலைக்குத் திராட்சை இருக்கிறது, பதினாறு பிரிக்ஸ். நாளை சோதனைக்கு ஒரு பெட்டி அனுப்பலாமா?"

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதில் வந்தது. "அனுப்புங்கள். வாசலில் ஆய்வகம் எங்கே என்று கேட்கவும்."

பெட்டி குமுளி வழியாகப் போனது, தேறியது. லாரி ஏற்றச் சொல்லி மேலாளரே கூப்பிட்டார். "ஆ வலிய மெயில் ஞான் லீவுல படிக்கான் வச்சிருக்கேன், கேட்டோ" என்றார் பாதி மலையாளத்தில்; அந்த நீண்ட கடிதத்தை விடுமுறையில் படிக்க எடுத்து வைத்திருக்கிறாராம். மருமகள் கைபேசியை என் காதருகே பிடித்திருந்தாள்.

ஆனால் அதற்குள் கீழ்த்தோட்டத்தில் பழம் வெடித்துவிட்டது. ஈ மொய்த்த கொத்துகளை வெட்டி வரப்போரம் கொட்டினார்கள். நானும் கூடை தூக்கினேன். "நீங்க போங்க மாமா, வழுக்கும்" என்றாள். நான் போகவில்லை. அந்தப் புளித்த வாடை வெகுநாள் என் வேட்டியிலேயே இருந்தது போலிருந்தது.

அடுத்த வெட்டுக்கு மூணாறில் ஒரு விடுதிக்கு எழுத வேண்டியிருந்தது. "நீங்களே எழுதுங்க மாமா" என்று மடிக்கணினியை நீட்டினாள். காலை முழுவதும் உட்கார்ந்து ஐந்து வரி எழுதினேன். அவள் படித்தாள்.

"நல்லாருக்கு. 'தங்கள் குடும்பத்தார் அனைவரும் நலமா'ங்கறத மட்டும் எடுத்துரலாமா?"

எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினேன்.